நாங்கள் படம் தொகுத்த வரலாறு

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று ஆசிரியர் எங்களைக் கேட்டபோது, எதனை எழுதுவதென்று இக்கல்லூரியின் பழைய மாணவராகிய நாங்கள் நால்வரும் சிறிது தயங்கினோம். சென்ற 2024-ஆம் ஆண்டில் நாங்கள் எடுத்த ஒரு சிறு படத்தைப் பற்றி எழுதலாமென்று எங்களுள் ஒருவர் சொன்னார். படம் பிடித்த கதையை எவரும் எழுதுவர். பிடித்ததைத் தொகுத்த கதையை எழுதுவோர் சிலரே. மேலும், அத்தொகுப்பில் நாங்கள் செய்த பிழையொன்றுண்டு. அதனை ஒளியாமற் சொல்லுதல் பின்வரும் மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை நம் கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியதை நேயர்கள் அறிவர். இருபது ஆண்டுகள் கழிந்தபின், அக்கரையில் வாழ்வோர் அந்நாளை எவ்வாறு நினைக்கின்றனர் என்று அறிவதே எங்கள் படத்தின் நோக்கம். கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் தொடங்கி, தெற்கே சிதம்பரம் சென்று, அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் போய் ஆறு நாட்கள் படம் பிடித்தோம். திரும்பியபோது எங்களிடம் பதினொரு மணி நேரப் படம் இருந்தது. திரையிட வேண்டியதோ 22 நிமிடம். முப்பது பங்கில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, இருபத்தொன்பது பங்கைக் கழிக்க வேண்டும். இது பெரிய விகிதமன்று. 1979-இல் வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நௌ’ என்னும் அமெரிக்கப் படத்துக்காக 230 மணி நேரத்துக்கு மேற்பட்ட பிலிம் எடுக்கப்பட்டதென்றும், அதில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்தில் ஒரு பங்கே திரைக்கு வந்ததென்றும் அதன் தொகுப்பாளருள் ஒருவரான வால்ட்டர் மர்ச் எழுதியிருக்கிறார். அதைப் படித்து நாங்கள் சிறிது ஆறுதல் அடைந்தோம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அறையில், ஒரு கணினியின் முன் எங்கள் வேலை தொடங்கிற்று. முதற்படிக்கு அசெம்பிளி என்று பெயர். பயன்படக்கூடியவை எல்லாவற்றையும், எண்ணிய வரிசைப்படி, ஒன்றன்பின் ஒன்றாக நீளமாக அடுக்கி வைப்பதே அசெம்பிளி. இப்படியில் ஒருவர் சொன்ன விடைக்குள் வெட்டுப் போடலாகாது. நன்று, தீது என்று தீர்ப்புச் சொல்லலும் ஆகாது. கையிலிருப்பது இன்னதென்று காண்பது ஒன்றே இங்கு வேண்டுவது. எங்கள் அசெம்பிளி 2 மணி 10 நிமிடம் ஓடிற்று. பார்ப்பதற்கு அது மிகவும் சோர்வு தருவதாயிருந்தது. எங்களுள் ஒருவர் இடையிலே உறங்கியும் போனார். அசெம்பிளியைக் கண்டு மனமுடைவது தொகுப்பாளர் எல்லார்க்கும் இயல்பென்று பிறகு அறிந்தோம்.

ஆயினும் அன்று ஒரு நல்ல காரியம் செய்தோம். படத்தை முதன்முறை காணும் கண் ஒருமுறைதான் கிடைக்கும். இரண்டாம் முறை காணும்போது அடுத்து வருவது தெரிந்துவிடுகிறது. ஆகையால், பார்க்கும்போதே ஒருவரோடொருவர் பேசாமல், மனத்தைத் தொட்ட இடங்களை அவரவர் குறிப்பேட்டில் எழுதுவதென்று வைத்துக்கொண்டோம். முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தால், நால்வரும் ஒரே இடத்தைக் குறித்திருந்தோம். அது கிள்ளைப் பக்கத்துப் படகோட்டிப் பெரியவர் ஒருவர் பேசிய இடம்.

அவ்விடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கட்டுரை முழுவதும் அதனைப் பற்றியதே. “அன்றைக்கு உங்கள் ஊர் எப்படித் தப்பிற்று, ஐயா?” என்று நாங்கள் கேட்டோம். அவர், “காடுதான் காப்பாத்துச்சு” என்றார். பிறகு நீரைப் பார்த்துக்கொண்டு எட்டு விநாடி ஒன்றும் பேசவில்லை. அதன்பின், “தங்கச்சி வீடு அந்தப் பக்கம் மணல்திட்டுல. அங்க காடு இல்ல” என்றார். மீண்டும் துடுப்பை எடுத்தவர், தாழ்ந்த குரலில், “எங்களுக்குக் கடலும் தூரம், தம்பி” என்று முடித்தார். அவ்வளவுதான். தங்கை என்ன ஆனாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாம் படி ரஃப் கட். அசெம்பிளியில் ‘என்ன இருக்கிறது’ என்பது கேள்வி. ரஃப் கட்டில் ‘எது முன், எது பின், எது வேண்டா’ என்பது கேள்வி. ஒவ்வொரு காட்சியின் பெயரையும் ஒரு காகிதச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மொத்தம் நாற்பத்து மூன்று சீட்டுகள். கணினியில் ஒரு காட்சியை இடம் மாற்றுவது எளிதாயினும், முழுப் படத்தின் உருவத்தை ஒரே பார்வையில் காண்பதற்குச் சுவரே உதவிற்று. கடலூரிலிருந்து தெற்கே போகும் பிரயாண வரிசையில்தான் நாங்கள் முதலில் அடுக்கியிருந்தோம். அது எங்கள் பிரயாணத்தின் வரிசையேயன்றிப் பார்ப்பவரின் எண்ணத்தின் வரிசையன்று என்பது சுவரைப் பார்த்ததும் விளங்கிற்று. திறந்த கரையாகிய தேவனாம்பட்டினத்தையும் காட்டுக்குப் பின்னிருந்த ஊரையும் அடுத்தடுத்து வைத்தாலன்றோ பார்ப்பவர் உள்ளத்தில் கேள்வி எழும்?

அவ்வாறு வைத்தபோது சிதம்பரம் இடையில் நின்று தடுத்தது. விடியற்காலைக் கீழவீதி, பூக்கட்டுவோர், கோபுரத்தின்மேல் விழும் முதல் வெளிச்சம் என்று நான்கு நிமிடக் காட்சி வைத்திருந்தோம். நாங்கள் பிடித்தவற்றுள் மிக அழகானது அதுவே. ஆனால் அலையோ அவ்வீதிக்கு வரவில்லை. படத்தின் கேள்விக்கும் அக்காட்சிக்கும் தொடர்பில்லை. எங்களுள் சிதம்பரத்தைச் சேர்ந்த நண்பர் இரண்டு நாள் வாதாடினார். கடைசியில் அவரே அச்சீட்டைச் சுவரிலிருந்து எடுத்தார். பேருந்து நிலையத்தில் ‘கிள்ளை’ என்ற பலகையோடு ஒரு வண்டி திரும்பும் ஆறு விநாடி மட்டும் எஞ்சிற்று. ரஃப் கட் 41 நிமிடமாகச் சுருங்கியது.

இப்படியில் செய்யக்கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, வெட்டின் ஓரங்களைச் செதுக்குவது. நாளை முழுவதும் நீங்கக்கூடிய காட்சிக்கு இன்று மெருகிட்டால், பட்ட பாட்டை எண்ணி அதனை நீக்க மனம் வாராது. மற்றொன்று, இசையைச் சேர்ப்பது. நல்ல இசை தவறான வரிசையையும் சரியானதுபோற் காட்டிவிடும். வரைபடம் வரவேண்டிய இடத்தில் ‘இங்கே வரைபடம்’ என்று எழுதிய கறுப்புப் பலகையொன்றை வைத்தோம். பிறகு, படத்தைப் பற்றி ஒன்றும் அறியாத மூவரை அழைத்துக் காட்டினோம். ‘நன்றாயிருக்கிறதா?’ என்று அவரைக் கேட்பதில் பயனில்லை. முகத்துக்காக நன்று என்றே சொல்வர். எவ்விடத்தில் உடம்பை அசைத்து உட்காருகின்றனர், எவ்விடத்தில் கைப்பேசியை நோக்குகின்றனர் என்று பின்னிருந்து கவனித்தோம். படகோட்டி பேசாதிருந்த எட்டு விநாடியும் அவர்கள் அசையவில்லை. இதனையும் அன்று எழுதி வைத்தோம். எழுதி வைத்து மறந்தோம்.

மூன்றாம் படி ஃபைன் கட். வரிசை முடிவானபின், ஒவ்வொரு வெட்டும் எந்தப் பிரேமில் விழவேண்டும் என்று தீர்மானிப்பது இது. எங்கள் படத்தில் விநாடிக்கு 25 பிரேம்கள். ஓரிடத்தில் தேவனாம்பட்டினக் கரையிலிருந்து பிச்சாவரத்து நீர்வழிக்குத் தாவ வேண்டியிருந்தது. எவ்வளவு முயன்றும் அத்தாவல் இடறிற்று. துடுப்பின் ஓசையை மட்டும் 12 பிரேம், அதாவது ஏறக்குறைய அரை விநாடி, முன்னதாகக் கரைக்காட்சியின் மேலேயே தொடங்கச் செய்தோம். காது முன்னே சென்று கண்ணை அழைத்துக்கொண்டது, இடறல் மறைந்தது. இத்தகைய வேலையில் ஓர் இன்பமுண்டு. அந்த இன்பத்திலேதான் அபாயமும் இருக்கிறது என்பதை அப்போது அறிந்தோமில்லை.

பல நாள் செதுக்கியபின் படம் 24 நிமிடம் 30 விநாடியில் நின்றது. திரையிடும் நிகழ்ச்சியில் எங்களுக்கு ஒதுக்கிய நேரமோ 22 நிமிடம். இன்னும் இரண்டரை நிமிடம் போகவேண்டும். நீக்கத்தக்க காட்சி எதுவும் எஞ்சவில்லை. ஆகவே, எல்லா இடத்திலும் சிறிது சிறிதாக எடுத்தோம்: இங்கே ஒரு விநாடி, அங்கே பதினைந்து பிரேம். அவ்வாறு எடுத்து வருகையில் படகோட்டியின் மௌனம் கண்ணிற் பட்டது. எட்டு விநாடியில் ஏழை எடுத்தோம். எடுத்த இடத்தில் அவர் முகம் திடீரென்று துள்ளிற்று. அதை மறைக்கச் சுரபுன்னை வேர்களின் காட்சியொன்றை மேலே போர்த்தினோம். கடைசி வாக்கியத்தில் துடுப்பின் ஓசை கலந்து குரல் தெளிவின்றி இருந்தது. ‘அங்க காடு இல்ல’ என்பதோடு முடிந்தால் அழுத்தமாயிருக்கும் என்று தோன்றவே, அந்த 2 விநாடி 10 பிரேமையும் நீக்கினோம். ஆகமொத்தம் 9 விநாடி 10 பிரேம். ஓடவிட்டுப் பார்த்தோம், மிக நன்றாக இருந்தது.

நன்றாக இருந்ததன் காரணத்தைப் பிறகுதான் உணர்ந்தோம். அக்காட்சியை நாங்கள் நாற்பது முறைக்குமேல் பார்த்திருந்தோம். மௌனத்தை நீக்கிய பிறகும் எங்கள் நினைவு அதனைத் தானே நிரப்பிக்கொண்டது. படத்தில் இல்லாததை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். தொகுப்பாளனுடைய காது இவ்வாறு பழுதாவது வழக்கம். பழுதாயிற்றென்று அவனாகவே அறிய வழியில்லை.

நான்காம் படி பிக்சர் லாக். படத்தின் நீளமும் வெட்டுகளும் இனி மாறா என்று பூட்டுவது இது. பிலிம் இருந்த காலத்தில் இப்பூட்டு உண்மையான இரும்புப் பூட்டே. தொகுப்பாளர் வெட்டி ஒட்டியது ஒரு நகலை மட்டுமே. அது முடிவானபின் மூலநெகடிவை அதற்கொப்ப வெட்டுவர். ஒட்டுப் போடும்போது வெட்டின் ஓரத்துப் பிரேம் அழியுமாதலால், ஒருமுறை வெட்டிய நெகடிவைப் பழுதின்றி மீண்டும் சேர்த்தல் இயலாது. இன்று கணினியில் எதுவும் அழிவதில்லை. ஆகையால் பூட்டென்பது ஒரு வாக்குறுதியாக மட்டும் நிற்கிறது. வாக்குறுதி யாருக்கென்றால், பின்னே வேலை செய்வோர்க்கு. ஒலி அமைப்பவர் நீரோசை, காற்றோசை, பறவைக்குரல் முதலியவற்றைப் பூட்டிய படத்தின் விநாடிக் கணக்குப்படி வைக்கிறார். இசையமைப்பவரும், நிறம் திருத்துபவரும், கீழ்வரி எழுதுபவரும் அவ்வாறே. ஒரு காட்சியை அதே நீளமுள்ள வேறொன்றால் மாற்றினால் ஒலிக்குப் பெரிய தீங்கில்லை. ஒரே ஒரு விநாடியை நுழைத்தாலோ, அதற்குப் பின்னுள்ள ஒலியனைத்தும் ஒரு விநாடி பிசகிவிடும். வாய் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும்.

நவம்பர் மாதத்தில் படத்தைப் பூட்டினோம். ஒவ்வொரு பிரேமின் மேலும் நேரக்கணக்கு தெரியும்படி பிரதியொன்று எடுத்தோம். படம் தொடங்குவதற்கு இரண்டு விநாடிக்கு முன்னே ‘பீப்’ என்ற ஒலியொன்றும் வைத்தோம். அவ்வொலி பொருந்தினால் மற்றவையும் பொருந்தும். சிதம்பரத்திலிருந்த ஒலியமைப்பாளர் அதனைக் கொண்டு வேலை தொடங்கினார். நான்கு நாள் கழித்து, அவரைக் காணச் சென்ற நாங்கள், அருகில்தானே என்று கிள்ளைக்கும் போய்ப் படகோட்டிப் பெரியவர்க்குப் படத்தைக் காட்டினோம். மரியாதைக்காகக் காட்டினோமே அல்லாமல், அவர் கருத்தைக் கேட்கும் எண்ணம் எங்களுக்கு இருந்ததில்லை.

அவர் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து ஓடவிட்டோம். தம் பகுதி வந்து போயிற்று. சிறிது நேரம் கழித்து அவர், “தம்பி, நான் இவ்ளோ வேகமாவா சொன்னேன்?” என்று கேட்டார். நாங்கள் விடை சொல்லவில்லை. “தங்கச்சி பேச்சை எடுக்க அன்னிக்கு எனக்கு வாயே வரல. இதுல என்னமோ கதை சொல்ற மாதிரி இருக்கு” என்றார். மறுபடியும், “கடலு தூரம்னும் சொன்னேனே, அது எங்க?” என்றார். அவர் குரலில் கோபமில்லை. எங்களுக்கு மிகவும் நாணமாயிற்று.

அவருடைய இரண்டாம் கேள்வி முதற்கேள்வியினும் கனமானது. 2005-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கதிரேசனும் இராசேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையோரத்துப் பதினெட்டுக் குடியிருப்புகளை ஆராய்ந்து, சுரபுன்னைக் காடு அலையின் வேகத்தைத் தணித்ததென்று எழுதினர். 2006-இல் வேறு சிலர் அதே கணக்கை மீண்டும் ஆராய்ந்து, கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே அவ்வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் போதிய காரணம் என்று மறுத்தெழுதினர். கற்றோர் நடத்திய இவ்வழக்கின் இரு பக்கத்தையும் அந்தப் பெரியவர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்: காடுதான் காப்பாற்றியது, கடலும் தூரம். நாங்களோ இரண்டாவதை நீக்கி, முதலாவதன்மேல் வேர்களின் படத்தையும் போர்த்தி, அவர் சொல்லாத உறுதியை அவர் வாயில் வைத்துவிட்டோம். பொய்யான சொல் ஒன்றேனும் நாங்கள் சேர்த்ததில்லை. எடுத்தலாலும் அடுத்து வைத்தலாலுமே பொருள் மாறிற்று.

திரும்பும் வழியில் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. ஒருவர், பூட்டியது பூட்டியதே. ஒலியமைப்பாளரின் நான்கு நாள் உழைப்பை வீணாக்க நமக்கு உரிமை ஏது என்றார். மற்றொருவர், ஒருவருடைய தங்கையின் நினைவை ஒன்பது விநாடிக்காகக் குறைக்க நமக்கு உரிமை ஏது என்றார். இரண்டும் நியாயமாகவே பட்டன. நேரே ஒலியமைப்பாளரிடம் சென்று உள்ளதைச் சொன்னோம். அவர் சற்றுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, “உடைங்க. ஆனா உடைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே அடைச்சுடுங்க” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுவே. படகோட்டியின் மௌனம் வரும் இடம் படத்தின் 14-ஆம் நிமிடம் 6-ஆம் விநாடி. அங்கே 9 விநாடி 10 பிரேமைத் திரும்பச் சேர்த்தால், அதற்குப் பின்னுள்ள ஏறக்குறைய எட்டு நிமிட ஒலியும் பிசகும். ஆனால் 15-ஆம் நிமிடம் 48-ஆம் விநாடியில் கிள்ளைச் சாலையை வண்டியிலிருந்து காட்டும் நீண்ட காட்சியொன்று இருந்தது. அதிலிருந்து மிகச் சரியாக 9 விநாடி 10 பிரேமைக் கழித்துவிட்டால், அதற்குப் பின்னுள்ளது பழைய இடத்திலேயே நிற்கும். படத்தின் மொத்த நீளமும் மாறாது. இடைப்பட்ட 1 நிமிடம் 42 விநாடி மட்டுமே தள்ளிப்போகும். அவ்விடைவெளியில் முப்பதுக்கு மேற்பட்ட ஒலித்துண்டுகள் இருந்தன. எந்த விநாடியில் எத்தனை பிரேம் சேர்ந்தது, எந்த விநாடியில் எத்தனை குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை வைத்துக்கொண்டு அவர் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். வேர்களின் காட்சியை எடுத்துவிட்டோம். பெரியவரின் முகமே எட்டு விநாடியும் நின்றது. தெளிவற்ற கடைசி வாக்கியத்துக்குக் கீழே அவர் சொல்லையே எழுத்தில் இட்டோம்.

இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. சாலைக்காட்சி இப்போது திடீரென்று முடிகிறது. கூர்ந்து பார்ப்பவர்க்கு அது தெரியும். எங்களுக்கு அது ஒவ்வொரு முறையும் தெரிகிறது. முள்ளாக அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

டிசம்பர் மாதத்தில் படம் திரையிடப்பட்டபோது பெரியவரும் வந்திருந்தார். அவர் பேசாதிருந்த இடத்தில் மண்டபமும் பேசாதிருந்தது. வீடு திரும்பியபின் எங்கள் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தோம். அசெம்பிளியைக் கண்ட அன்று நால்வரும் எழுதிய வரி அங்கே இருந்தது: ‘படகோட்டி பேசாமல் இருப்பது.’ ஃபைன் கட்டின்போது அதனைத் திறந்து பார்த்திருந்தால் கிள்ளைத் திண்ணையில் நாணியிருக்க வேண்டியதில்லை. ஒலியமைப்பாளரும் ஓரிரவு நன்றாக உறங்கியிருப்பார்.

அடுத்த படத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இரண்டே. பூட்டுவதற்கு முன்நாள், முதல் நாட்குறிப்பை எடுத்து, அதிற் குறித்த இடங்கள் படத்தில் உயிரோடிருக்கின்றனவா என்று பார்ப்பது. படத்தில் பேசியவர்க்குப் படத்தைப் பூட்டிய பின்னன்று, பூட்டுவதற்கு முன்னே கொண்டுபோய்க் காட்டுவது.